ஒட்டுப்பலகை வரலாறா, நகலிருப்பா? விசைப்பலகை எடுத்து வைப்பவற்றுக்குப் பெயர் தேடல்

களுவாஞ்சிகுடியிலிருந்து, கைபேசிப் பயிற்சி நடத்துபவர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு தடவை நடத்தும் கைபேசிப் பயிற்சிக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாம் நகலெடுப்பவற்றையெல்லாம் விசைப்பலகைச் செயலி சேர்த்து வைக்கும் பட்டியலுக்கு "ஒட்டுப்பலகை வரலாறு" என்று முதலில் எழுதியிருந்தேன். சென்ற வாரம் கண்ட ஒன்றுக்குப் பிறகு அந்தப் பெயரை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்குள்ள கொமியூனிகேஷன் கடை ஒன்றில் ஒன்லைன் விண்ணப்பங்களை நிரப்புவதற்கென்று ஒரு டப்லெட் வைத்திருக்கிறார்கள். என் தங்கையின் விண்ணப்பத்தை நிரப்பும்போது, எழுத்துகளுக்கு மேலுள்ள பட்டையில் யாரோ ஒருவருடைய 12 இலக்க அடையாள அட்டை எண் தானாக வந்து நின்றது. பட்டியலைத் திறந்து பார்த்தால் இன்னும் மூவருடைய எண்களும், கடவுச்சொல் என்று பார்த்தவுடனே தெரிகின்ற ஒரு வரியும் இருந்தன. கடைத் தம்பி நல்ல பிள்ளை. சொன்னவுடன் பதறிப்போய், "இப்போதே அழிக்கிறேன் அக்கா" என்று ஒரு முற்றுப்புள்ளியைத் தட்டி அதை நகலெடுத்தார். புதிதாக ஒன்றை நகலெடுத்தால் பழையது போய்விடும் என்பது அவருடைய எண்ணம். பட்டியலில் முற்றுப்புள்ளி ஒன்று கூடியதே தவிர, எதுவும் குறையவில்லை.

அவர் எந்தப் பெயரைக் கேட்டிருந்தால் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார் என்பதே என் கேள்வி.

ஏறாவூரிலிருந்து

"வரலாறு" என்பது எல்லோருக்கும் புரிகின்ற சொல். அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. கடவுச்சொல்லைப் பற்றிய அச்சமும் சற்று மிகையானது. கடவுச்சொல் கட்டத்தில் எழுத்துகள் புள்ளிகளாகத் தெரியும்போது விசைப்பலகை எதையும் கற்றுக்கொள்வதில்லை, அந்தக் கட்டத்திலிருந்து நகலெடுக்கவும் முடியாது. ஆகையால் அக்கா கண்டது கடவுச்சொல்லாக இருக்க வாய்ப்பில்லை.

திருக்கோவிலிலிருந்து, ஆசிரியை

வரலாற்றை அழிப்பது மிக எளிது. குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, வரலாற்றுக்குள் சென்று, எல்லாவற்றையும் நீக்கிவிடலாம். நான் வாரந்தோறும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் விசைப்பலகையில் எதையும் அழிக்க வேண்டாம் என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு தடவை யாரோ சொன்னதைக் கேட்டு, கற்ற சொற்கள் அனைத்தையும் நீக்கிவிட்டேன். மூன்று ஆண்டுகளாக அது பழகி வைத்திருந்த என் மாணவர்களின் பெயர்களும், நாங்கள் பேச்சில் எழுதுகின்ற சொற்களும் ஒரே நொடியில் போய்விட்டன. தேர்ச்சி அறிக்கை எழுதும் காலத்தில் ஒவ்வொரு பெயரையும் முழுதாகத் தட்ட வேண்டியதாயிற்று.

கல்முனையிலிருந்து, செயலி உருவாக்குபவர்

மதிப்புக்குரிய அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்,

கடைத் தம்பி நினைத்தது முழுத் தவறல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். அன்ட்ரொய்ட் இயங்குதளத்தின் ஒட்டுப்பலகையில் ஒரே ஓர் இடந்தான் உண்டு. புதியது வந்தால் பழையது போய்விடும். அவர் அந்த இடத்தைச் சரியாகவே வெறுமையாக்கினார். ஆனால் அவர் கண்ட பட்டியல் இயங்குதளத்துக்குரியதல்ல. விசைப்பலகைச் செயலி தனக்கென்று வைத்திருப்பது.

அன்ட்ரொய்ட் 10 வந்த 2019 முதல், திரையில் நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் செயலியும் நாம் தெரிவு செய்துள்ள விசைப்பலகையும் மட்டுமே ஒட்டுப்பலகையைப் படிக்கலாம். பின்னணியில் இருக்கும் மற்றவற்றுக்கு அது மூடப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் அடைத்த கதவு விசைப்பலகைக்கு மட்டும் திறந்திருப்பதால், நகலெடுத்த ஒவ்வொன்றையும் அதனால் எடுத்து வைத்துக்கொள்ள முடிகிறது. 2022 இல் வந்த அன்ட்ரொய்ட் 13, ஒட்டுப்பலகையில் இருப்பதைச் சிறிது நேரத்துக்குப் பின் தானே நீக்குகிறது. ஆனால் விசைப்பலகை எடுத்து வைத்த பட்டியலை அது தொடுவதில்லை. கூகுளின் Gboard அந்தப் பட்டியலில் உள்ளதை ஒரு மணி நேரம் வைத்திருக்கிறது, ஆனால் யாராவது ஊசிக்குறியிட்டு வைத்தால் நாமாக நீக்கும்வரை அது இருக்கும். வேறு விசைப்பலகைகளின் கால அளவு வேறு. நெடுநேரத்துக்கு முன் வந்துபோனவர்களின் எண்கள் அங்கே இருந்தன என்றால், ஒன்றில் அவை ஊசிக்குறியிடப்பட்டவை, அல்லது அந்த விசைப்பலகை காலக்கெடு வைக்காதது. நீக்க வேண்டுமானால் பட்டியலுக்குள் சென்று ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து நீக்க வேண்டும். பலர் கைமாறும் கருவியில் அந்த வசதியையே அணைத்து வைப்பது நல்லது.

ஏறாவூர் நண்பர் சொன்ன விதி சரியானது. அது பொருந்தும் இடந்தான் சிறியது. வாடிக்கையாளர் தன் கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புகிறார், கடைத் தம்பி அதை அங்கிருந்து நகலெடுக்கிறார். அந்தக் கணத்தில் அது சாதாரண எழுத்து. கடவுச்சொல் என்று விசைப்பலகைக்குச் சொல்ல யாரும் இல்லை. தட்டச்சு செய்யும்போதும் இதுவே நடக்கிறது. பயனர்பெயர்க் கட்டத்தில் தவறுதலாகக் கடவுச்சொல்லைத் தட்டினாலோ, "கடவுச்சொல்லைக் காட்டு" என்பதைத் தொட்டதும் சாதாரணக் கட்டமாக மாறிவிடும் வலைப்பக்கத்தில் தட்டினாலோ, விசைப்பலகை அதை ஒரு புதுச் சொல்லாகப் பழகிக்கொள்ளலாம். என் செயலிகளில் `IME_FLAG_NO_PERSONALIZED_LEARNING` என்ற குறியை நான் இடுகிறேன். அது அன்ட்ரொய்ட் 8 முதல் உண்டு. ஆனால் அது "இதைக் கற்க வேண்டாம்" என்ற வேண்டுகோள் மட்டுமே. எல்லா விசைப்பலகைகளும் அதை மதிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என அதன் ஆவணமே சொல்கிறது.

கற்றிருக்கிறதா என்று அறிய, வெறுங்குறிப்பு ஒன்றில் கடவுச்சொல்லின் முதல் மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள். முழுச் சொல்லும் பரிந்துரையாக வந்தால் கற்றுவிட்டது. ஆசிரியை அக்காவுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. Gboard இல் அந்தப் பரிந்துரையை மட்டும் அழுத்திப் பிடித்து, மேலே தோன்றும் குப்பைக் குறிக்கு இழுத்துவிட்டால் அந்த ஒரு சொல் போய்விடும். மாணவர் பெயர்கள் அப்படியே இருக்கும். அதன் பிறகு கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பியின் விளக்கத்துக்கு நன்றி. இனிச் சொல்லுக்கு வருவோம்.

திருக்கோவில் ஆசிரியை "வரலாறு" என்றதும் குரோமுக்குச் சென்றார். அது அவருடைய பிழையன்று, சொல்லின் பிழை. வரலாறு என்பது நடந்து முடிந்தவற்றின் பதிவு. அதைப் படிக்கலாம், திரும்ப எடுத்துக் கையாள முடியாது. இந்தப் பட்டியலில் உள்ளதோ ஒரு தொடுகையில் மறுபடியும் விண்ணப்பத்தில் விழுகின்ற பொருள். பொருள் அங்கேயே கிடக்கும்போது அதை வரலாறு என்றால், கடந்து போயிற்று என்ற எண்ணமே கேட்பவருக்கு வரும்.

"நகலிருப்பு" என்ற சொல்லை முன்வைக்கிறேன். கூட்டுறவுக் கடையில் இருப்புப் புத்தகம் பார்த்த எவருக்கும் இருப்பு என்றால் இன்னும் கையில் உள்ளது என்று தெரியும். நெல்லைக் கொட்டி வைத்தவரிடம் இருப்பு எவ்வளவு என்று கேட்டால், விற்றது போக மீந்ததைத்தான் சொல்வார். "நகலிருப்பில் என்ன இருக்கிறது?" என்பதே அந்தக் கடைத் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கற்ற சொற்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. கற்பவர் அறிந்து கற்கிறார். இது நாம் தட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. "பழகுசொல்" என்பதே பொருந்தும். ஒட்டுப்பலகை என்ற சொல்லை அந்த ஒற்றை இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

கல்முனையிலிருந்து

ஐயா, நகலிருப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. "நகலடுக்கு" என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் கணினியியலில் அடுக்கு என்பது கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அமைப்புக்கு வழங்கிவிட்டதால் குழப்பம் வரும். ஒரேயொரு தயக்கம்: கணக்கு இருப்பு என்று பழகியவர்கள் வங்கிச் செயலியில் இந்தச் சொல்லைக் கண்டால் வேறாக எண்ணலாம்.

பழகுசொல்லில் நான் உடன்படவில்லை. Gboard இன் அமைப்பில் "Delete learned words and data" என்று இருக்கிறது. அதைத் தேடிச் செல்பவருக்குக் "கற்ற சொற்கள்" என்றால் உடனே பொருந்தும், பழகுசொல் என்றால் தேட வேண்டியிருக்கும்.

மேகத்தில் உள்ள படியையும் மறந்துவிடக் கூடாது. ஒத்திசைவு இயங்கினால் கற்ற சொற்கள் நிறுவனத்தின் கணினிக்கும் செல்கின்றன. கைபேசியில் மட்டும் நீக்கினால் அந்தப் படி அங்கே எஞ்சியிருக்கலாம், ஆகவே கணக்கிலும் நீக்க வேண்டும். 2016 யூலையில் SwiftKey என்ற விசைப்பலகையைப் பயன்படுத்திய சிலருக்கு முன்பின் அறியாதவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் பரிந்துரையாக வந்தன. நிறுவனம் ஒத்திசைவையே தற்காலிகமாக நிறுத்தியது. ஒத்திசைவு என்ற சொல்லில், நம்முடைய படி ஒன்று வேறோர் இடத்தில் இருக்கிறது என்ற பொருள் இல்லை. அதற்கு "வெளிப்படி" என்று வைக்கலாமா?

ஏறாவூரிலிருந்து

வட்ஸ்அப்பிலிருந்து நகலெடுப்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். வெளிப்படி என்றால் அலுவலகங்களில் வெளிக்களப் படி, பயணப்படி என்று கொடுக்கும் பணம் நினைவுக்கு வருகிறது. அது வேண்டாம்.

வேறொரு கேள்வி. வேறு நிறுவனத்தின் தமிழ் விசைப்பலகையை நிறுவும்போது, கடவுச்சொல் உட்பட நாம் தட்டுவதையெல்லாம் அது சேகரிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கை வந்தால் விசைப்பலகை கெட்டது என்று பொருளா?

கல்முனையிலிருந்து

இல்லை, பின்னர் நிறுவும் எந்த விசைப்பலகைக்கும் அன்ட்ரொய்ட் அதையே காட்டும். ஆகவே அது எதையும் பிரித்தறிய உதவாது. பார்க்க வேண்டியது இணைய அனுமதி. ஐபோனில் "Allow Full Access" என்பதைக் கொடுக்காவிட்டால் அந்த விசைப்பலகையால் இணையத்தைத் தொட முடியாது. கடவுச்சொல் கட்டத்தில் ஐபோன் தன் சொந்த விசைப்பலகையையே கொண்டுவரும். அன்ட்ரொய்டில் இணைய அனுமதி நிறுவும்போதே கேளாமல் கிடைத்துவிடுகிறது. செயலியின் தகவல் பக்கத்தில் அனுமதிகளின் முழுப் பட்டியலைத் திறந்து, "have full network access" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். HeliBoard என்ற திறந்தமூல விசைப்பலகையில் அந்த வரி இல்லை; தமிழ் அமைப்பும் உண்டு. ஆனால் அதிலும் நகலிருப்பு உண்டு. ஆகவே கடை டப்லெட்டின் சிக்கலை அது மட்டும் தீர்க்காது. அடுத்து வருபவர் இணையத்தின் வழியாகப் பார்க்கவில்லை, திரையில் பார்க்கிறார்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

ஐயாவுக்கும் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி.

கையேட்டில் "ஒட்டுப்பலகை" ஒற்றை இடத்துக்கும், "நகலிருப்பு" பட்டியலுக்கும் என்று எழுதிவிட்டேன். "கற்ற சொற்கள்" இப்போதைக்கு அப்படியே நிற்கிறது. ஐயா மனம் வருந்தக் கூடாது. ஒத்திசைவுப் படிக்குப் பெயர் இல்லாததால், "நிறுவனத்தின் கணினியில் உள்ள படி" என்று நீட்டியே எழுதியிருக்கிறேன்.

நேற்று அந்தக் கடைக்குச் சென்று, "நகலிருப்பைப் பார்ப்போமா தம்பி?" என்று மட்டும் கேட்டேன். அவர் நான் எதுவும் காட்டாமலே பட்டியலைத் திறந்தார். ஐந்து வரிகளில் மூன்றுக்கு ஊசிக்குறி இருந்தது. அடிக்கடி வருபவர்களின் எண்கள் என்பதால் அவரே முன்பு குத்தி வைத்தவையாம். எல்லாவற்றையும் நீக்கி வசதியையும் அணைத்தோம். பிறகு அவர், "குத்தி வைத்ததும் இருப்புத்தானா அக்கா, அதற்கு வேறு பெயரா?" என்று கேட்டார். காலக்கெடு இல்லாமல் தங்குவதால் அதற்கு வேறு பெயர் வேண்டும் என்றே எனக்கும் தோன்றுகிறது. குழுவினர் என்ன சொல்கிறீர்கள்?