சிசேரியன் ஆன மறுநாளே நடக்கச் சொல்வது சரியா?

குளச்சல் மாப்பிள்ளை
நான் குவைத்தில் வேலை செய்கிறேன். நேற்று காலை ஊரில் என் மனைவிக்கு சிசேரியன் ஆனது, பெண் குழந்தை. இன்று காலை ஏழு மணிக்கு மூத்திர டியூபை எடுத்துவிட்டு நடக்கச் சொன்னார்களாம், இவளால் எழவே முடியவில்லை. மருந்து பாலில் இறங்கும் என்று அம்மா வலி மாத்திரையைப் போட விடவில்லை. பால் ஊறவில்லை என்று பொடிப்பாலும் கொடுத்துவிட்டார்கள். நடந்தால் தையல் விடும் என்கிறார் அம்மா, படுத்தே கிடந்தால் ஆபத்து என்கிறார் நர்ஸ். யார் பேச்சைக் கேட்பது?

பழைய வார்டு சிஸ்டர்
தம்பி, முதலில் வீட்டுக்கு போன் போட்டு ஒன்று கேளுங்கள். டியூப் எடுத்த பிறகு உங்கள் வீட்டுக்காரி மூத்திரம் போனாளா? ஆறு மணி நேரத்துக்குள் தாராளமாகப் போயிருக்க வேண்டும். எழ முடியாத பெண்கள் வலிக்குப் பயந்து அடக்கிக்கொண்டு கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூத்திரப்பை நிரம்பிக் கிடந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, உதிரப்போக்கு கூடும். போகவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்றால் உடனே வார்டில் சொல்ல வேண்டும்.

அடுத்தது மாத்திரை. முதுகில் போட்ட ஊசியின் மரப்பு சில மணி நேரம்தான், நேற்றே விட்டிருக்கும். இப்போது அவளிடம் இருப்பது பச்சைப் புண்ணின் வலி. மருந்து இல்லாமல் அவளை நட என்பதும் தப்பு, நடக்கவில்லையே என்று திட்டுவதும் தப்பு. எழுதிக் கொடுத்தது பாராசிட்டமால் என்றால் பயமே வேண்டாம். பால் வழியே குழந்தைக்குப் போவது, காய்ச்சலுக்குக் குழந்தைக்கே கொடுக்கும் அளவை விடவும் குறைவு. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு கிராம் வரை கொடுப்பார்கள், வேளைக்கு வேளை ஆறு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளில் நாலு கிராமைத் தாண்டக் கூடாது. எடை ஐம்பது கிலோவுக்குக் கீழே என்றால் அளவைக் குறைப்பார்கள். வலி தாங்க முடியாமல் போன பிறகு போடுவதில் பலன் குறைவு. முதல் இரண்டு மூன்று நாள் மணி பார்த்துப் போட வேண்டும். போட்டு முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தால், காலையில் முடியாதது மதியம் முடியும்.

இரணியல் அக்கா
சிஸ்டர், நான் மூன்று மருமகள்களுக்குப் பேறுகாலம் பார்த்தவள். வயிற்றைக் கீறினவளை மறுநாளே நடக்க விடுவது எந்த ஊர் நியாயம்? முதுகில் ஊசி போட்டவர்கள் தலையைத் தூக்கினாலே தலைவலி பிடிக்கும், தலையணைகூட வைக்கக் கூடாது என்பார்கள். உடம்பு தேற ஓய்வு வேண்டும். நாற்பது நாள் இருக்கச் சொன்ன பெரியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை.

பழைய வார்டு சிஸ்டர்
ஓய்வு வேண்டும் என்பதில் உங்களோடு நானும் நிற்கிறேன் அக்கா. குடம் தூக்காமல், மூத்த பிள்ளையை இடுப்பில் வைக்காமல், குனிந்து துவைக்காமல் ஆறு வாரம் இருக்கட்டும். குழந்தையை விடக் கனமான எதையும் அவள் தூக்க வேண்டாம். ஆனால் நான் கேட்பது கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை நடப்பதை. நிறைமாதத்திலிருந்து பிரசவம் ஆகி ஆறு வாரம் வரை பெண்ணின் ரத்தம் எளிதில் உறையும் நிலையில் இருக்கும். அதோடு ஆபரேஷனும் ஆகி, கால் அசையாமல் கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தக்கட்டி வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலிக்கும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து. நர்ஸ் பயந்தது இதற்குத்தான்.

தலைவலி உண்மைதான். ஊசி குத்திய சின்னத் துவாரம் வழியே தண்டுவட நீர் கசிவதால் வருவது அது. நிமிர்ந்தால் கூடும், படுத்தால் குறையும், அதனால்தான் படுத்தே கிடந்தால் வராது என்று நினைத்தார்கள். படுத்துக் கிடப்பது அதைத் தடுப்பதில்லை. அப்படித் தலைவலி வந்தால் மயக்க டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது.

ஆரல்வாய்மொழி அண்ணன்
அனுபவத்தில் சொல்கிறேன், நடக்க விடாதீர்கள். என் வீட்டுக்காரிக்கு ஆறாம் நாள் தையல் திறந்துவிட்டது. மறுநாளே நடக்க வைத்ததுதான் காரணம். மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்து தையல் போட்டார்கள். பெல்ட் கட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்காது. எந்த பெல்ட் நல்லது என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய வார்டு சிஸ்டர்
அண்ணா, திறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அந்த இடம் சிவந்து கெட்டியாக இருந்ததா? நீரோ சீழோ கசிந்து துணியில் பட்டதா? காய்ச்சல் இருந்ததா?

ஆரல்வாய்மொழி அண்ணன்
காய்ச்சல் இருந்த மாதிரி ஞாபகம், பால் கட்டினதால் என்று நினைத்தோம். துணியில் மஞ்சளாக இருந்தது. ஆனால் மாமியார் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அந்த மஞ்சளாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

பழைய வார்டு சிஸ்டர்
அந்த மஞ்சளால்தான் சீழ் கண்ணில் படாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றில் பல அடுக்கு உண்டு. பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் கெட்டியான சவ்வு, அதைத் தடித்த நூலால் இழுத்துத் தைத்திருப்பார்கள். நடப்பதால் அது விடாது. மேல்தோல் ஆறாம் ஏழாம் நாளில் திறப்பது பெரும்பாலும் கிருமியால், அல்லது உள்ளே நீர் தேங்குவதால். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நேரில் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நடந்தது மட்டுமே காரணம் என்பதை ஏற்கவும் மாட்டேன்.

நம் ஊர் சாரல் காலத்தில் இன்னொரு கஷ்டம், துணி காயாது. சரிந்த வயிற்று மடிப்புக்குக் கீழேதான் தையல் இருக்கிறது, வேர்வை அங்கேயே நிற்கும். டிரெஸிங்கை எடுத்த பிறகு தினமும் குளிக்கலாம். தையலைத் தேய்க்காமல், தனியாக வைத்த சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மடிப்பைத் தூக்கிப் பிடித்துக் காற்றாட விட வேண்டும். துணி ஈரமாக இருந்தால் இஸ்திரி போட்டுக் காய வையுங்கள். எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் அங்கே வேண்டாம். நாலாம் நாளிலிருந்து சிவப்பு பரவுகிறதா, வாடை வருகிறதா என்று வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும், அவளுக்கே குனிந்து பார்க்க முடியாது. காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் பால் கட்டு என்று நீங்களே முடிவு செய்யாமல் காட்டுங்கள்.

பெல்ட் சிலருக்கு எழும்போது தாங்கலாக இருக்கிறது. கட்டினால் தையல் திறக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இறுக்கிக் கட்டி வேர்த்தால் கெடுதல்தான்.

மார்த்தாண்டம் மெடிக்கல்
பாராசிட்டமால் பற்றி சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் கூடவே டைக்ளோஃபெனாக்கும் எழுதுவார்கள். பாலூட்டும் பெண்ணுக்கு அது ஆகும் என்றாலும் எல்லோருக்கும் ஆகாது. பிரஷர் கூடிப் போய் சிறுநீரகம் பாதித்தவர், உதிரப்போக்கு அதிகமானவர், வயிற்றுப் புண் உள்ளவர், ஆஸ்துமா உள்ளவர் அதை டாக்டரிடம் முன்னமே சொல்ல வேண்டும். இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எழுதிய சீட்டோடு டிரமடால் கேட்டு வருகிறார்கள். அதைத் தரவே மாட்டேன். பால் கொடுப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம் என்று 2017இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. குழந்தை அளவுக்கு மீறித் தூங்கும், எழுப்பினாலும் குடிக்காது, மூச்சு தளரும். அம்மா பயந்ததில் முழுக்கத் தப்பில்லை தம்பி. எந்த மாத்திரை என்று பெயரைப் பார்த்துப் பேச வேண்டும்.

பழைய வார்டு சிஸ்டர்
ஆமாம், அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பெயரைப் பாருங்கள்.

குளச்சல் மாப்பிள்ளை
பேசிவிட்டேன். மூத்திரம் இதுவரை போகவில்லை, சொன்னதும் சிஸ்டர் வந்து பார்க்கிறார். அட்டையில் பாராசிட்டமால் என்றுதான் இருக்கிறது, அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். எழுவதற்கு ஏதாவது முறை இருக்கிறதா? பால் என்ன செய்வது?

பழைய வார்டு சிஸ்டர்
மல்லாந்து கிடந்து நேராக எழும்பப் பார்த்தால் வயிற்றைப் பிடித்து இழுக்கும். இரண்டு முழங்காலையும் மடக்கி, ஒரு பக்கமாக உருண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்க விட்டு, முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். உடனே நிற்காமல் ஐந்து நிமிடம் உட்காரட்டும். தலை சுற்றினால் மறுபடி படுக்க வேண்டும், நிற்கப் பார்க்கக் கூடாது. முதல் தடவை வார்டு சிஸ்டர் பக்கத்தில் இருக்கட்டும். இருமல் வந்தால் மடித்த துண்டைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நடை கட்டிலைச் சுற்றி வந்தால் போதும்.

இன்று அவளிடம் இருப்பது சீம்பால், ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் கிடைத்தாலே இந்த வயதில் போதும். பிழிந்து பார்த்துப் பால் இல்லை என்று தீர்ப்பு சொல்வது இதனால்தான். சிசேரியனில் பால் பெருகுவது கொஞ்சம் தாமதமாகும், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஆகலாம். வலியும் பயமும் பால் இறங்குவதைத் தடுக்கும், அதற்கும் மருந்து இந்த மாத்திரைதான். வயிற்றில் பாரம் படாமல் கொடுக்க இரண்டு வழி உண்டு: அவள் ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது, அல்லது தலையணை மேல் குழந்தையை வைத்து, கால் முதுகுப்பக்கம் போகும்படி கக்கத்தில் அணைத்துக்கொள்வது. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. கொடுக்கும்போது அடிவயிறு பிசைகிற மாதிரி வலிக்கும், கர்ப்பப்பை சுருங்குகிறது என்று அர்த்தம்.

பொடிப்பாலை யார் கொடுக்கச் சொன்னது என்று கேளுங்கள். சர்க்கரை குறைந்ததாலோ எடை இறங்கியதாலோ டாக்டர் சொல்லியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டு முடிவு என்றால் பாட்டிலை விட்டுவிட்டு, கையால் பீச்சிய சீம்பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். குழந்தைக்கு வயிறு நிறைகிறதா என்பதை அதன் மூத்திரத்தில் பாருங்கள்: மூன்றாம் நாளில் மூன்று தடவையாவது, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையாமல் போக வேண்டும்.

இரணியல் அக்கா
மாத்திரை, நடை இரண்டும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் இலை போட்டுக் காய்ச்சி வேது தண்ணீர் ஊற்றுவதை நான் விட மாட்டேன். வயிறு வற்றுவது அதனால்தான்.

பழைய வார்டு சிஸ்டர்
முதுகிலும் காலிலும் இளஞ்சூட்டில் ஊற்றுங்கள், நான் தடுக்கவில்லை. வயிற்றில் வீசி அடிப்பது மட்டும் வேண்டாம். தையலைச் சுற்றி மாதக்கணக்கில் உணர்ச்சி மந்தமாக இருக்கும், தோல் வெந்தாலும் அவளுக்குத் தெரியாது.

இரணியல் அக்கா
என் மருமகள்களுக்கு அடித்துத்தான் ஊற்றினேன், ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பழைய வார்டு சிஸ்டர்
மூன்று பேரில் எத்தனை பேருக்கு சிசேரியன், அக்கா?

இரணியல் அக்கா
கடைசி மருமகளுக்கு மட்டும். அவளுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் ஊற்றினோம்.

குளச்சல் மாப்பிள்ளை
இப்போதுதான் போன் வந்தது. சிஸ்டர் பிடித்துக் கூட்டிப்போய் மூத்திரம் போய்விட்டாளாம், நிறையவே. பொடிப்பால் டாக்டர் சொன்னதில்லை, எதிர்க்கடையில் வாங்கியது. பாலாடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.