ஆறு இன்வெர்ட்டர் வளையம் அலையவே இல்லை, நாளைக் காலைக்குள் உதவி தேவை

நித்திலன்: வணக்கம். இன்வெர்ட்டர்களை வளையமாக இணைத்து ஆசிலேட்டர் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இணைப்பெல்லாம் சரியாக இருக்கிறது, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஸ்கோப்பில் நேர்கோடு மட்டுமே தெரிகிறது. ஐ.சி.யை மாற்றியும் பயனில்லை. நாளைக் காலை காட்டியாக வேண்டும். என்ன காரணமாக இருக்கும்?

சாந்தி_ஆய்வகம்: எந்த ஐ.சி.? எத்தனை வோல்ட்? எந்தக் காலில் அளக்கிறீர்கள்? "சரியாக இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

பழைய_ரேடியோ: தம்பி, ஐ.சி.யின் 14-ஆம் காலுக்கும் 7-ஆம் காலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா? பிரெட்போர்டில் வரும் தொல்லைகளில் பாதிக்கு அதுதான் காரணம். முதலில் அதைப் போடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

சாலமன்: இவ்வளவு சிரமம் எதற்கு? 74HC14-இல் ஒரே ஒரு கேட், ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போதும். என் தண்ணீர்த் தொட்டி அலாரம் அப்படித்தான் ஓடுகிறது. வேகம் வேண்டுமென்றால் ரெசிஸ்டரை மாற்றிக்கொள்ளலாம்.

சாந்தி_ஆய்வகம்: சாலமன், அது வேறு சுற்று. அங்கே வேகத்தை ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தீர்மானிக்கின்றன. இவருடைய சுற்றில் கேட்டின் தாமதத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தத் தாமதத்தை அளப்பதற்குத்தான் இந்த வேலையே கொடுத்திருப்பார்கள்.

நித்திலன்: மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். CD4069UB, 5 வோல்ட். கெப்பாசிட்டர் போட்டிருக்கிறேன். ஆறு கேட்டையும் பயன்படுத்தியிருக்கிறேன், எதையும் சும்மா விடவில்லை. 12-ஆம் கால் சுற்றிக்கொண்டு 1-க்குத் திரும்புகிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: மின்சாரம் கொடுக்கும்போது சில முறை 0 வோல்ட்டில் நிற்கிறது, சில முறை 5 வோல்ட்டில் நிற்கிறது.

ஓம்விதி: பாடத்தின் முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஆறு ஒற்றைப்படை அல்ல. இதற்கு இத்தனை பேர் விவாதமா?

தேன்மொழி: நித்திலன், நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருக்கிறது. 1-ஆம் காலில் 5 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி வாருங்கள். முதல் கேட் 0 தரும், அடுத்தது 5, அப்படியே மாறி மாறி ஆறாவது 5 தரும். அது 1-ஆம் காலில் இருந்ததோடு ஒத்துப்போகிறது. எல்லாக் கேட்டும் தன் நிலையில் நிம்மதியாக இருக்கிறது, எதற்கும் மாற வேண்டிய அவசியமே இல்லை. 0-இலிருந்து தொடங்கினாலும் இதே கதைதான். ஆகவே உங்களிடம் இருப்பது ஆசிலேட்டர் அல்ல, ஒரு பிட் நினைவகம். மின்சாரம் வரும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கேயே நின்றுவிடுகிறது.

ஐந்து கேட்டில் அதே கணக்கைப் போடுங்கள். 5-இல் தொடங்கினால் ஐந்தாவது 0 என்கிறது. முதல் கேட் மாறியாக வேண்டும். அது மாறியதும் இரண்டாவது தவறாகிவிடுகிறது, பிறகு மூன்றாவது. அந்த முரண்பாடு வளையத்தை விட்டு எங்கும் போக முடியாது, கேட்டுக்குக் கேட் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அலைவு என்பது அதுதான்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். 12-இலிருந்து 1-க்குப் போகும் கம்பியை எடுத்துவிட்டு, 10-ஆம் காலை 1-க்குக் கொண்டுவாருங்கள். 10-இலிருந்து 13-க்குப் போகும் கம்பி அப்படியே இருக்கட்டும்.

பழைய_ரேடியோ: ஆறு கேட் வளையத்திலும் மின்சாரம் கொடுத்த உடனே கொஞ்ச நேரம் அலை வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு நின்றுவிட்டது. அதனால் ஒற்றைப்படை என்பதை அப்படியே நம்ப வேண்டாம், சப்ளையைப் பாருங்கள்.

தேன்மொழி: நீங்கள் பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும் ஐயா. ஏறும் விளிம்பும் இறங்கும் விளிம்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும். இரண்டின் தாமதமும் சரிசமமாக இருப்பதில்லை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறைந்து, கடைசியில் ஒன்று மற்றதை எட்டிப்பிடித்துவிடும். அத்தோடு அலை முடிந்தது. சப்ளைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நித்திலன்: அலை வந்துவிட்டது! மிக்க நன்றி. ஆனால் கணக்கு இடிக்கிறது. விவரத்தாளில் 5 வோல்ட்டுக்குத் தாமதம் 55 நானோ விநாடி. ஐந்து கேட்டுக்கு 275. தலைகீழாக்கினால் 3.6 மெகாஹெர்ட்ஸ். எனக்கு 2.0 தான் வருகிறது.

சாந்தி_ஆய்வகம்: இரண்டால் வகுக்கவில்லையே. விளிம்பு ஒரு முறை சுற்றி வந்தால் ஒவ்வொரு கேட்டும் தலைகீழான நிலைக்குத்தான் போயிருக்கும். பழைய நிலைக்கு வர இன்னொரு சுற்று வேண்டும். f = 1/(2·N·t). உங்கள் எண்ணை வைத்தால் 1.8 வருகிறது. 2.0 பக்கத்தில்தான் இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தேன்மொழி: அவசரப்பட வேண்டாம், பக்கத்தில் வந்தது தற்செயலாக இருக்கலாம். அந்த 55 நானோ விநாடி, வெளியீட்டில் 50 பிக்கோஃபாரட் சுமை வைத்து அளந்தது. உங்கள் வளையத்தில் ஒரு கேட்டின் சுமை அடுத்த கேட்டின் உள்ளீடும் கொஞ்சம் பிரெட்போர்டும்தான், அவ்வளவு வராது. 1.8-ஐ விட நன்றாகவே வேகமாக ஓட வேண்டும். புரோப் எந்தக் காலில் இருக்கிறது? அதன் சுவிட்ச் 1X-ஆ, 10X-ஆ?

நித்திலன்: 10-ஆம் காலில். 1X.

தேன்மொழி: அதுதான். 1X புரோப்பும் கேபிளும் சேர்ந்தால் ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட். அதை வளையத்தின் ஒரு கணுவில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். புரோப்பை 12-ஆம் காலுக்கு மாற்றுங்கள். ஆறாவது கேட் வளையத்துக்கு வெளியே நின்று அலையை நகலெடுத்துத் தருகிறது, 13-ஆம் கம்பியை விட்டுவைக்கச் சொன்னது அதற்காகத்தான். அங்கே எவ்வளவு சுமை ஏற்றினாலும் வளையத்துக்குப் பெரிதாகத் தெரியாது.

ஓம்விதி: தேவையில்லாத நுணுக்கங்கள். ஒற்றைப்படை என்றால் அலையும், இதுதான் விதி.

கதிர்வேல்: ஒன்றும் ஒற்றைப்படைதானே? இதே CD4069UB-இல் ஒரு கேட்டின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே இணைத்துப் பாருங்கள். அலையாது, பாதி வோல்ட்டேஜில் போய் அசையாமல் உட்காரும். ஒற்றைப்படை என்பது 0, 5 என்ற நிலைகளில் நிற்கவிடாது, அவ்வளவே. நடுவில் நிற்கவிடாமல் செய்ய நிலைகளின் தாமதம் போதுமான அளவு சேர வேண்டும். ஒரே மாதிரி மூன்று நிலைகள் என்றால் ஒவ்வொன்றும் 60 பாகை பின்தங்க வேண்டும், அந்த அதிர்வெண்ணுக்கு வெகு கீழே ஒவ்வொன்றின் பெருக்கமும் 2-க்கு மேல் இருக்க வேண்டும்.

ஓம்விதி: 74HC04-இல் ஒற்றைக் கேட்டே அலைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கதிர்வேல்: பல தயாரிப்புகளில் 74HC04-இன் ஒரு கேட்டுக்குள் வரிசையாக மூன்று இன்வெர்ட்டர் இருக்கிறது. 4069UB-இல் ஒன்றுதான். அந்த U, B எழுத்துகள் இடைநிலை எதுவும் இல்லை என்பதைக் குறிப்பவை.

பழைய_ரேடியோ: நீளமான கம்பியின் இண்டக்டன்ஸாலும் அது அலைந்திருக்கலாம். கம்பியைக் குட்டையாக வெட்டிப் பார்க்காமல் உள்ளே மூன்று இருப்பதுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கதிர்வேல்: குட்டைக் கம்பியிலும் எனக்கு அலைந்தது. ஆனால் அதுவும் பிரெட்போர்டுதான், சாலிடர் செய்து பார்க்கவில்லை.

நித்திலன்: 12-ஆம் காலில் 2.6 மெகாஹெர்ட்ஸ்! ஒரு கேட்டுக்கு 38 நானோ விநாடி வருகிறது. இன்னொரு புரோப்பை 10-ஆம் காலில் தொட்டால் 12-இலேயே 2.0-க்கு இறங்குகிறது, எடுத்தால் ஏறுகிறது. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

தேன்மொழி: அந்த வித்தியாசத்தையும் கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு முழு அலை 385-இலிருந்து 500 நானோ விநாடி ஆகியிருக்கிறது. விளிம்பு அந்தக் கணுவை ஒரு அலைக்கு இரண்டு முறை கடக்கிறது, ஆகவே புரோப் அந்த ஒரு கேட்டில் மட்டும் 58 நானோ விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூட்டியிருக்கிறது. நேரம் இருந்தால் சப்ளையை 10 வோல்ட் ஆக்கிப் பாருங்கள். விவரத்தாளில் தாமதம் 55-இலிருந்து 30 ஆகிறது, அதிர்வெண் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏற வேண்டும்.

சாலமன்: அப்படியானால் என் தொட்டி அலாரத்தில் வோல்ட்டேஜ் குறைந்தால் சத்தம் மாறுகிறதே, அதுவும் இதுதானா?

சாந்தி_ஆய்வகம்: இல்லை சாலமன். ஷ்மிட் கேட்டின் வாசல் மின்னழுத்தங்கள் சப்ளையோடு சரியான விகிதத்தில் நகராததால் வருவது அது. தனி இழை தொடங்குங்கள், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மதிப்புகளோடு எழுதுங்கள்.

நித்திலன்: காட்டிவிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். 10 வோல்ட் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.