கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்து எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். தக்கலையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க கம்ப்யூட்டர் திரைதான். மதியம் தாண்டினால் இரண்டு கண்ணிலும் உறுத்தல், எரிச்சல், எழுத்து வேறு மங்கும், நாலைந்து தடவை சிமிட்டினால் தெளியும். டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடைகிறது, திரையைப் பார்க்கும்போது இமை பாதிதான் மூடுகிறது, அதனால் கண்ணின் கீழ்ப்பகுதி காய்ந்துவிடுகிறது என்றார். வேலை செய்யும்போது தங்கச்சியை வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்த்தேன், உண்மைதான், மேல் இமை கீழ் இமையைத் தொடவே இல்லை. இப்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்துத் தென்னையைப் பார்த்து, கண்ணை மெதுவாக முழுசாக மூடித் திறக்கிறேன். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி, ஃபேனையும் முகத்தில் அடிக்காமல் திருப்பிவிட்டேன். கொஞ்சம் பரவாயில்லை.

எழுதிக் கொடுத்த சொட்டு கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5%. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாக வாங்கச் சொன்னார், அடிக்கடி விட்டால் பிரிசர்வேட்டிவே கண்ணை உறுத்துமாம். மார்த்தாண்டத்தில் கேட்டால் சிவப்பைப் போக்கும் சொட்டைத்தான் நீட்டுகிறார்கள், வறட்சிக்கு அது சரிவராது. நாகர்கோவில் பக்கம் எந்த மெடிக்கலில் கிடைக்கும்? அப்புறம், வேலை மும்முரத்தில் சிமிட்ட மறக்காமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?