கலைச்சொல் வேண்டும்: விடை தவறினாலும் வழிக்குக் கிடைக்கும் மதிப்பெண்

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்காக, வினாத்தாள் அமைப்பது பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கேம்பிரிட்ஜ் விடைத்திட்டங்களில் M, A, ft என்று குறித்திருப்பார்களே, அவைதான். M என்பது சரியான வழியில் இறங்கியதற்குக் கிடைக்கும் மதிப்பெண். A என்பது அந்த வழியில் வந்த சரியான விடைக்கு. ft என்பது, முந்தின விடை தவறினாலும் அதிலிருந்து சரியாகத் தொடர்ந்து போனதற்கு. A-க்கு நான் ‘விடை மதிப்பெண்’ என்று போட்டுவிட்டேன், சிக்கல் இல்லை. M-க்கும் ft-க்கும்தான் சொல் வேண்டும்.

கையேட்டில் உள்ள கணக்கையே தருகிறேன். ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளம், அகலத்தின் இருமடங்கைவிட 3 மீட்டர் அதிகம். பரப்பளவு 65 சதுர மீட்டர். சுற்றளவு என்ன? அகலத்தை x என்று கொண்டால் x(2x + 3) = 65, அதாவது 2x² + 3x − 65 = 0. தீர்த்தால் x = 5 அல்லது −6.5. அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது, ஆகவே 5. நீளம் 13, சுற்றளவு 36 மீட்டர்.

5 மதிப்பெண். சமன்பாடு அமைக்க 1 (M), அதைத் திட்ட வடிவுக்குக் கொண்டுவர 1 (A), சூத்திரத்தில் பிரதியிட 1 (M), குறை எண்ணைத் தள்ளி x = 5 என்று சொல்ல 1 (A), சுற்றளவுக்கு 1 (ft). ஒரு மாணவி 9 + 520 என்ற கூட்டலை 519 என்று போட்டுவிட்டாள். கால்குலேட்டர் இல்லாததால் x = (−3 + √519)/4 என்றே வைத்துக்கொண்டு, சுற்றளவு 6x + 6 என்று எழுதி, (3 + 3√519)/2 என்று முடித்திருக்கிறாள். 36 எங்குமே வரவில்லை. ஆனாலும் அவளுக்கு 4 கிடைக்கும். அவளுடைய x தவறு, அந்த x-இலிருந்து அவள் போட்ட சுற்றளவு சரி. இந்தக் கடைசி 1-க்குத் தமிழில் என்ன பெயர்?

பிரகாஷ் எழுதியது:

மேடம், இதற்கு எதற்குப் புதுச்சொல்? பேப்பர் திருத்தும் எல்லாருமே ‘ஸ்டெப் மார்க்’ என்றுதான் சொல்கிறோம். தமிழில் வேண்டுமானால் ‘படி மதிப்பெண்’. M, ft இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். ஆசிரியருக்குப் புரியாத சொல்லைப் போட்டால் கையேட்டைத் திறக்கவே மாட்டார்கள்.

மலர்விழி எழுதியது:

புரியவேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன் சார். ஆனால் படி மதிப்பெண் வரிக்கு வரி தருவது. விடைக்குறிப்பில் உள்ள வரி தாளில் இருந்தால் மதிப்பெண், இல்லையென்றால் இல்லை. இந்தத் திட்டம் அப்படி இல்லை. ஒரு மாணவன் திட்ட வடிவை எழுதாமல் நேராகச் சூத்திரத்தில் சரியாகப் பிரதியிட்டிருந்தால், முந்தின வரிக்கு உரியதும் அவனுக்குச் சேரும். அவன் அதைத் தெரிந்துதான் செய்தான் என்பதற்குப் பிரதியிட்டதே சான்று. இதை ஆசிரியர்களுக்குச் சொல்லத்தான் கையேடே. பழைய சொல்லைப் போட்டால் பழைய பழக்கம்தான் மனதில் வரும்.

குணசேகரன் எழுதியது:

அம்மா மலர்விழி, ft-க்குச் சொல் நம் இலக்கணத்திலேயே காத்திருக்கிறது: வழுவமைதி. மகிழ்ச்சி மிகுதியில் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்கிறோம். அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது வழு. காரணம் கருதி அதை ஏற்றுக்கொள்கிறோம், அது திணை வழுவமைதி. இங்கேயும் அதுதானே நடக்கிறது? பிழை உண்டு, காரணம் கருதி ஏற்கிறோம். ‘வழுவமைதி மதிப்பெண்’ என்று வையுங்கள். ‘வழுவு’ என்ற வினையைப் பாருங்கள். வழுக்குதல், வழுவுதல் எல்லாம் ஒரே குடும்பம். கால் வழுக்கினாலும் நடந்துகொண்டிருந்த பாதை அதேதான். கணக்கில் வழுக்கிய பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. பிரகாஷ் தம்பி சொல்வது போலப் புரியாமல் போகாது. பத்தாம் வகுப்பு தாண்டிய யாருக்கும் வழுவமைதி தெரியும்.

‘முறை மதிப்பெண்’ மட்டும் வேண்டாம். ‘முதல் முறை மதிப்பெண்’ என்று எழுதினால் முதல் தடவை எழுதிய தேர்வின் மதிப்பெண் ஆகிவிடும்.

சாந்தி எழுதியது:

இந்தக் குழுவில் இதுவரை எழுதியதில்லை. என் மகனின் அரையாண்டுத் தாளில் இதே மாதிரிக் கணக்கு. அவன் சூத்திரம் போடாமல் (2x + 13)(x − 5) = 0 என்று காரணிப்படுத்தி 5 கொண்டுவந்தான். விடைக்குறிப்பில் சூத்திரம் இருந்ததாம், 2 மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். நீங்கள் சொல்லும் M மதிப்பெண் கேட்டு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? அரையாண்டுக்கு மறுகூட்டல் உண்டா?

இளங்கோ எழுதியது:

சாந்தி அவர்களே, பள்ளி உள்தேர்வுக்கு அந்த ஆசிரியரிடம் நேரில் கேட்பதுதான் வழி. தயங்காமல் கேளுங்கள், உங்கள் மகன் செய்தது முழுச்சரி. மலர், இதைக் கையேட்டில் சேர்த்துக்கொள். விடைத்திட்டத்தில் ‘சூத்திரத்தில் பிரதியிட 1’ என்று எழுதக்கூடாது. ‘இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் ஏதேனும் ஒரு சரியான வழிக்கு 1’ என்று எழுதவேண்டும். காரணிப்படுத்தலும் வர்க்கப்பூர்த்தியும் அதில் அடங்கும்.

ஐயாவின் வழுவமைதி அழகான சொல், ஆனால் பொருந்தவில்லை. வழுவமைதியில் வழுவையே ஏற்றுக்கொள்கிறோம், ‘என் அம்மை வந்தாள்’ என்பது அப்படியே நிற்கிறது. இங்கே 519-ஐ யாரும் ஏற்கவில்லை, அதற்கு உரிய மதிப்பெண் போய்விட்டது. அதற்குப் பின் வந்த சரியான வேலைக்குத்தான் மதிப்பெண். அமைதி பெற்றது வழு அல்ல.

யோகேஸ்வரி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் மதிப்பெண்ணைப் ‘புள்ளி’ என்றும் விடைத்திட்டத்தைப் ‘புள்ளித்திட்டம்’ என்றும்தான் சொல்லுவோம். இயற்கணிதமும் எங்களுக்கு அட்சரகணிதம். அதை விடுவோம். ft-ஐத் திருத்துபவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துப் பெயரிடலாமே? ஒரு பிழைக்கு ஒரு தடவைதான் புள்ளி குறைக்கிறோம். ‘ஒருதடவைக் கழிவு’ என்றால் எந்த ஆசிரியருக்கும் உடனே விளங்கும்.

இளங்கோ எழுதியது:

அக்கா, நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துத் திருத்தினேன். அதே தோட்டக் கணக்கில் இன்னும் இரண்டு தாள்களைப் பாருங்கள்.

ஒரு மாணவன் x(2x + 3) = 65 என்று சரியாக எழுதிவிட்டு, அடைப்பை நீக்கும்போது 3-ஐப் பெருக்க மறந்து 2x² + 3 = 65 என்கிறான். உடனே x² = 31, x = √31, சுற்றளவு 6√31 + 6. பிழை ஒன்றுதான். ஒரு தடவை மட்டும் கழித்தால் 4 தரவேண்டும். ஆனால் அவன் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கவே இல்லை, வர்க்கமூலம் மட்டும்தான் எடுத்தான். பிழையால் கணக்கு எளிதாகிவிட்டது. தீர்க்கும் வழிக்கான 1 அவனுக்குக் கிடையாது, தள்ளவேண்டிய குறை எண்ணையும் அவன் எழுதவில்லை. சமன்பாட்டுக்கு 1, சுற்றளவுக்கு 1, மொத்தம் 2. ஒரு பிழைக்கு மூன்று போயிற்று, அது நியாயம்தான். ‘ஒருதடவைக் கழிவு’ என்று பெயர் வைத்தால் திருத்துபவர் கை தானாக 4 போட்டுவிடும்.

இன்னொரு மாணவி குறியை மாற்றி 2x² + 3x + 65 = 0 என்று எழுதுகிறாள். பிரதியிட்டால் மூலக்குறிக்குள் 9 − 520, அதாவது −511. அங்கேயே நின்றுவிடுகிறாள். வழி சரி, ஆனால் தொடர்ந்து போக இடமே இல்லை. அவளுக்கும் 2. இது அவள் குறை மட்டும் இல்லை, கேள்வி அமைத்தவர் குறையும் உண்டு. கேள்வியை உடைத்திருக்கலாம். (அ) 2x² + 3x − 65 = 0 எனக் காட்டுக, 2. (ஆ) x காண்க, 2. (இ) சுற்றளவு காண்க, 1. முதல் பகுதியில் குறி தவறினாலும் சரியான சமன்பாடு தாளிலேயே இருக்கிறது, (ஆ)-வை அவள் தெம்பாகத் தொடங்குவாள்.

அதற்கும் ஒரு விலை உண்டு. ‘காட்டுக’ என்றால் விடை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நடுவில் +65 என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் மட்டும் −65 என்று திருத்திக்கொள்பவர்கள் வருவார்கள். ஆகவே (அ)-வில் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தால்தான் 2 என்று திட்டத்திலேயே எழுதிவிடவேண்டும்.

பிரகாஷ் எழுதியது:

√31 போட்ட பையனுக்குச் சுற்றளவுக்கு 1 தருவதே எனக்கு உறுத்துகிறது. அவன் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்த்திருந்தால் 65 வராது என்று தெரிந்திருக்கும். சரிபார்க்காதவனுக்கு மதிப்பெண் தந்தால் சரிபார்க்கும் பழக்கம் எப்படி வரும்?

இளங்கோ எழுதியது:

சரிபார்ப்பதைச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 1 வையுங்கள். சுற்றளவுக்கு உரியதில் அதைக் கலக்காதீர்கள்.

பிரகாஷ் எழுதியது:

எனக்கு இன்னும் ஒப்பவில்லை சார்.

குணசேகரன் எழுதியது:

519-ஐ யாரும் ஏற்கவில்லை என்று இளங்கோ சொன்னது சரி. ஆனாலும் ft-க்கு வழுவமைதி பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஏற்கப்படுவது அந்த விடைத்தாள் முழுவதும் என்று கொண்டால். இருக்கட்டும்.

M-க்கு ஒன்று சொல்கிறேன். ‘வழி மதிப்பெண்’ என்று தனியாக நிறுத்தினால், தமிழ்வழி, ஆங்கிலவழி என்ற பயிற்றுமொழி நினைவு குறுக்கே வரும். ‘செய்வழி மதிப்பெண்’ என்று வையுங்கள். செய்த வழி, செய்கிற வழி, செய்யும் வழி, வினைத்தொகையாக நின்று மூன்று காலத்தையும் காட்டும்.

யோகேஸ்வரி எழுதியது:

செய்வழி நல்லாயிருக்கு ஐயா. செய்முறையோடு மாறிப்போகாதா? செய்முறைத் தேர்வு என்றால் ஆய்வுகூடம் அல்லவா?

மலர்விழி எழுதியது:

அந்த ஐயம் எனக்கும் உண்டு அக்கா. ஆனால் கணிதத் தாளில் ஆய்வுகூடம் குறுக்கே வராது என்று துணிகிறேன். நேற்று இரவு எங்கள் பள்ளியின் மூன்று ஆசிரியர்களிடம் இங்கே வந்த சொற்களைக் காட்டினேன். ‘செய்வழி மதிப்பெண்’ என்பதை இரண்டு பேர் விளக்கம் இல்லாமலே புரிந்துகொண்டார்கள். மூன்றாமவர், “ஸ்டெப் மார்க்தானே?” என்றார்.

ft-க்கு ‘தொடர்பிழை மதிப்பெண்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். பிழைக்கு மதிப்பெண் தருவது போல ஒலித்தது, அடித்துவிட்டேன். இங்கே பேசிய மூன்று தாள்களையும் வைத்துப் பார்த்தால், மாணவரின் முந்தின விடையைப் பின்தொடர்ந்து போய்த் திருத்துவதுதான் நடக்கிறது. ஆகவே ‘பின்தொடர் மதிப்பெண்’. திட்டத்தில் ‘பி.தொ.’ என்று சுருக்கிக் குறிக்கலாம். கணக்கு எளிதாகிவிட்டால் தீர்க்கும் வழிக்கு உரியது இல்லை என்பதை, √31 தாளோடு அதே பக்கத்தில் போடுகிறேன்.

குணசேகரன் எழுதியது:

பின்தொடர்வது யார் அம்மா? மாணவரா, திருத்துபவரா? அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அடிக்குறிப்பில் வழுவமைதியையும் மாற்றுச் சொல்லாகக் கொடுங்கள்.

மலர்விழி எழுதியது:

திருத்துபவர்தான் ஐயா, அந்த வரியைச் சேர்க்கிறேன். அடிக்குறிப்பு பற்றி இளங்கோ சாரிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். மதிப்பெண்ணா புள்ளியா என்பதை இலங்கைப் பதிப்பு வரும்போது யோகேஸ்வரி அக்காவோடு பேசிக்கொள்ளலாம்.