புதுப்பிப்பு: ஸ்பிரின்ட் இலக்கு, ஒரு ஸ்பிரின்ட் முடிந்த பிறகு

என் பழைய கேள்வி: “எங்கள் ஸ்பிரின்ட் இலக்கு, எடுத்த வேலை டிக்கெட்டுகளின் பட்டியலாகவே இருக்கிறது. காலையில் எதை முதலில் செய்வது என்று அது சொல்வதே இல்லை. எப்படி எழுதுவது?”

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பஸ் சீட் பதிவு மென்பொருளில் எங்கள் இரண்டு கிழமை வேலைச் சுற்றான ஸ்பிரின்ட் நேற்று முடிந்தது. கைகொடுத்தது கொக்குவில் அக்காவின் யோசனை: யாருக்கு என்ன மாறும் என்று ஒரு வசனம் எழுதி, டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கி, அது இல்லாமல் வசனம் உடைகிறதா என்று பார்ப்பது.

முன்பு: “பேமெண்ட், எஸ்எம்எஸ், ரிப்போர்ட் டிக்கெட்டுகளை முடித்தல்.”
இப்போது: “கொழும்பு இரவு பஸ்ஸில் சீட் பிடிப்பவர், கவுண்டருக்கு வராமலே காசு கட்டி, சீட் உறுதி என்று அறிய வேண்டும்.”

ஐந்தாம் நாள் காசு போனது, சீட் உறுதி என்று சொல்லும் எஸ்எம்எஸ் வரவில்லை. எங்கள் குழுவில் ரிப்போர்ட் செய்துகொண்டிருந்த தம்பி யாரும் சொல்லாமலே அதை வைத்துவிட்டு வந்தான். கடைசியில் சீட் இலக்கத்தைத் திரையிலேயே காட்டினோம். எஸ்எம்எஸ் டிக்கெட் முடியவில்லை, இலக்கு நிறைவேறியது!

“இலக்கில் எண் போடுங்கோ” என்று பதில் எழுதிய அண்ணா சொன்னது பாதி சரி. சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருந்தால் போதும், டிக்கெட் எண்ணிக்கை உதவாது. ஸ்டோரி பாயின்ட் பற்றி நீளமாக எழுதிய தம்பி, நான் கேட்டது அதில்லை.

எதிர்பாராதது: 9 டிக்கெட்டில் 4 இலக்கோடு ஒட்டவே இல்லை. அவற்றையும் வசனத்துக்குள் திணித்தால் பழைய பட்டியல்தான். அதனால் போர்டின் அடியில் விட்டோம். பழைய வாடிக்கையாளரின் அவசரப் பிழைகளை என்ன செய்வது என்பதில் மட்டும் இன்னும் இழுபறி.