ஆன்லைன் விலையைக் காட்டினால் "அங்கேயே வாங்கிக்கோங்க" என்று சொல்வதா?

மூணுரோடு: நம் கடைக்கு வந்து போனில் ஆன்லைன் விலையைக் காட்டுகிறவரோடு பேரம் பேசாதீர்கள். "அங்கேயே வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த விலைக்கு நம்மால் கொடுக்க முடியாது. அவர் போனைக் கையில் வாங்கிப் பார்ப்பதெல்லாம் வீண் வேலை.

கல்லாப்பெட்டி: கடைக்குள் காலை வைத்தவரை விரட்டுவதற்கு யோசனை வேறு! போன வாரம் ஒருவர் 750 வாட் மிக்சியை 3,299 என்று காட்டினார். என் விலை 3,850. "கொஞ்சம் காட்டுங்க சார், சேர்ந்தே பார்த்துடலாம்" என்றேன். முதலில் மாடல் எண்ணை என்னிடம் இருந்த பெட்டியோடு ஒப்பிட்டோம். பெயர் ஒன்று, நிறம் ஒன்று, எண்ணின் கடைசி எழுத்து மட்டும் வேறு. அதில் மூன்று ஜார், என்னிடம் நான்கு. ஜூஸ் ஜார் அதில் இல்லை. அப்புறம் பின்கோடு போட்டுப் பணம் கட்டும் பக்கம் வரை அவரையே போகச் சொன்னேன். 3,299 என்பது ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால்தான். அவரிடம் அது இல்லை, 3,549 என்று வந்தது. ஆக, வித்தியாசம் 551 இல்லை, 301. அதற்கும் ஒரு ஜார் கூட வருகிறது. எனக்கு அடக்கம் 3,480. பில்லோடு 3,700க்கு முடித்தேன்.

மூணுரோடு: வாடிக்கையாளர் போனைக் கையில் வாங்கினீர்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி: "காட்டுங்க" என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

பித்தளைக்குடம்: எதற்கு இவ்வளவு பாடு? ஆன்லைன் சரக்குக்கு வாரண்டி கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் ஆள் அடங்கிவிடுவார். சில கம்பெனிகள் ஆன்லைனுக்கென்றே தனி மாடல் விடுகின்றன, அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வள்ளி_ஈரோடு: இதே வசனத்தை என்னிடமும் ஒரு கடையில் சொன்னார்கள், குக்கர் வாங்கப் போனபோது. "அங்கே வர்றதெல்லாம் டூப்ளிகேட்டும்மா" என்று நாலு பேர் முன்னால் வேறு. பேசாமல் வெளியே வந்து ஆன்லைனிலேயே வாங்கினேன். கைப்பிடி ஆடியபோது கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில்லைக் காட்டினேன், மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கடைப் பக்கம் இப்போதும் போவதில்லை.

கல்லாப்பெட்டி: கேட்டீர்களா பித்தளைக்குடம்? தனி மாடல் விஷயம் சரி. வாரண்டி விஷயம் பொய். சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் பில்லையும் அதன் தேதியையும்தான் பார்ப்பார்கள், ஆன்லைனா கடையா என்று பார்ப்பதில்லை. ஆன்லைன் பில் போனிலேயே இருக்கிறது. "ஒரு வாரத்துக்குள் ஜார் ஒழுகினால் இங்கேயே மாற்றித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். மாற்றித் தருவதாக இருந்தால் மட்டும்.

மூணுரோடு: மாடல் எண் அப்படியே ஒன்றாக இருந்து, கார்டு இல்லாமலே 3,299 வந்தால்? அப்போது என்ன சொல்வீர்களாம்?

கல்லாப்பெட்டி: "இது என் அடக்க விலைக்கும் கீழே, இந்த விலைக்குக் கட்டாது" என்பேன். என் கடைசி விலையை ஒரே ஒரு தடவை சொல்வேன். அதை ஒரு தடவை குறைத்துவிட்டால், முதலில் சொன்னது கடைசி விலை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மூன்றாவது விலையும் கேட்பார்.

மூணுரோடு: அப்படியென்றால் அவர் அங்கேதானே போய் வாங்குவார்? நான் சொன்னதும் அதுதானே! இதற்குப் போனைப் பிடுங்கிப் பார்க்க வேண்டுமா?

கல்லாப்பெட்டி: மறுபடி போனா? பிடுங்கவில்லை ஐயா, பிடுங்கவில்லை! பார்க்காமல் அனுப்பியிருந்தால் அந்த 3,700 எனக்கு வந்திருக்காது. "பில் இல்லாமல் கொடுங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்" என்று போன தீபாவளிக்கு இங்கேயே எழுதியவர்தானே நீங்கள்? பில் இல்லாத மிக்சியை எந்த சர்வீஸ் சென்டர் வாரண்டியில் எடுக்கும்?

மூணுரோடு: அது ஒரு பேச்சுக்கு எழுதியது. அதைக் கிளறுகிறவருக்குப் பதில் இல்லை என்று அர்த்தம்.

வள்ளி_ஈரோடு: ஒரு சந்தேகம். ஜார் தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும்? என் வீட்டுச் சட்னி ஜார் மூடி உடைந்துவிட்டது.

பித்தளைக்குடம்: அதற்கு வேறு இழை திறங்கம்மா. கல்லாப்பெட்டி, நான்கு ஜார் என்றீர்களே, நாலாவது ஜூஸ் ஜாரை எத்தனை பேர் வீட்டில் தொடுகிறார்கள்? அதைக் காட்டி விற்பதும் ஒரு பொய்தான்.

கல்லாப்பெட்டி: தொடுவதும் தொடாததும் அவர் பாடு. பெட்டியில் இருப்பதைச் சொல்வது பொய்யா? வாரண்டி பற்றி முதலில் பதில் சொல்லுங்கள்.

மூணுரோடு: முதலில் போன் விஷயம் முடியட்டும்.