கடலும் கிழவனும் 1952 காப்பி கிடைச்சிருக்கு, இது நிஜமாவே முதல் பதிப்பா? ஜாக்கெட்ல மூலை வெட்டியிருக்கு

பாம்பன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாய்மாமா ரொம்ப வருஷம் கொழும்புல இருந்தவரு, அவரோட தகரப்பெட்டிய போன வாரம் திறந்தோம், உள்ள ஹெமிங்வேயோட தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ இருந்துச்சு. ஸ்க்ரிப்னர், நியூயார்க்னு போட்டிருக்கு, டைட்டில் பக்கத்துல 1952, பின்னாடி காப்பிரைட்லயும் 1952. வெளிர் நீல துணி அட்டை, முதுகுல வெள்ளி எழுத்து. மேல ஜாக்கெட்டும் இருக்கு, ஆனா முன் மடிப்புல மேல் மூலையும் கீழ் மூலையும் சாய்வா வெட்டியிருக்கு, யாரு வெட்டுனாங்கன்னு தெரியல. ஃபர்ஸ்ட் எடிஷன்னு எங்கயுமே எழுதல. முன் அட்டையில மட்டும் ஹெமிங்வேனு கையெழுத்து இருக்கு, அவரே போட்டதா?? அம்மா நேத்து கருவாடு காயப்போடற மாதிரி வெயில்ல வச்சிட்டாங்க, ஒரு மணி நேரத்துல எடுத்துட்டேன்.

தொண்டி வாசகன்:
தம்பி ரெண்டு இடத்துலயும் ஒரே வருஷம் இருந்தா அது ஃபர்ஸ்ட் தான், இதுதான் ரூல். ஆனா ஃபர்ஸ்ட் பப்ளிஷ்ட்னு ஒரு வரி இல்லேங்கறதுதான் இடிக்குது. அந்த வரி இல்லாம முதல் பதிப்பு கிடையாது.

கீழக்கரை காக்கா:
தொண்டி வாசகன் சொல்றது பாதி சரி. அந்த 'ஃபர்ஸ்ட் பப்ளிஷ்ட் 1952' வரி லண்டன்ல ஜோனதன் கேப் போட்ட பதிப்புல இருக்கும், அங்க அதுதான் வழக்கம், மறுபடி அச்சடிச்சா அதுக்கு கீழயே இம்ப்ரெஷன் விவரமும் வந்துடும். ஸ்க்ரிப்னர் ஆளுங்க அப்படி எழுத மாட்டாங்க. 1930லருந்து அவங்க காப்பிரைட் பக்கத்துல தனியா ஒரு 'ஏ' எழுத்து போடுவாங்க, அதுதான் முதல் அச்சுனு அவங்க சொல்ற விதம். இந்த புத்தகத்துல ஏ-வோட கம்பெனி முத்திரையும் இருக்கணும். வருஷத்த மட்டும் நம்பாதீங்க, காப்பிரைட் வருஷம் எத்தன தடவ அச்சடிச்சாலும் மாறாது, புக் கிளப் காப்பியிலயும் அதே 1952தான் இருக்கும். பாம்பன்காரரே, அந்த பக்கத்த நல்ல வெளிச்சத்துல பாத்துட்டு சொல்லுங்க.
கையெழுத்து விஷயம், விரல் வச்சு தடவி பாருங்க. இங்க் இல்லாம பள்ளமா இருக்கும். துணியில அச்சு வச்சு அழுத்தினது, எல்லா காப்பியிலயும் உண்டு. அத பாத்துட்டு ஆட்டோகிராப்னு விக்கிறவங்களும் இருக்காங்க, சிரிப்புதான் வரும்.

மண்டபம் டீச்சர்:
என்கிட்டயும் இதே புத்தகம் இருக்கு, படமெல்லாம் போட்டிருக்கு, 1953. அழகா இருக்கும். படம் இருக்கறதால விலை அதிகம் வருமா?

கீழக்கரை காக்கா:
டீச்சர், ரீப்ரிண்ட் சொசைட்டினு பேர் இருக்கானு பாருங்க. லண்டன்ல மெம்பர்களுக்கு அனுப்பற கிளப் பதிப்பு அது, டன்னிக்லிஃபும் ரேமண்ட் ஷெப்பர்டும் வரைஞ்சது. வச்சு படிக்க அருமையான புத்தகம், ஆனா முதல் பதிப்பு இல்ல.

பாம்பன்காரன்:
காக்கா பாத்தேன்! காப்பிரைட் பக்கத்துல சின்னதா 'ஏ' இருக்கு, கீழ விளக்கு மாதிரி ஒரு முத்திரையும் இருக்கு. கையெழுத்து பள்ளம்தான், கொஞ்சம் ஏமாத்தம். அப்ப இது ஃபர்ஸ்ட் தானே? ஜாக்கெட்?

கீழக்கரை காக்கா:
ஏ இருந்தா புத்தகம் நல்ல பக்கம் நிக்குது. இன்னொரு பரிசோதனை பாக்கி. பின் அட்டையை, ஜாக்கெட்ட கழட்டிட்டு, கீழ் மூலைப்பக்கம் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. சின்ன புள்ளி மாதிரி குழி இருந்தா புக் கிளப் அடையாளம், துணி கறையோட குழப்பிக்காதீங்க, குழின்னா நகத்துக்கு படும்.
ஜாக்கெட்தான் உங்க கேள்வியோட கஷ்டமான பாகம். ஸ்க்ரிப்னர் ஜாக்கெட்ல முன் மடிப்புல 3 டாலர் விலை இருக்கும். கிளப் ஜாக்கெட்ல விலை இருக்காது, பெரும்பாலும் மடிப்போட கீழ கிளப் பேரு இருக்கும். பரிசா குடுக்கறவங்க விலைய மட்டும் வெட்டுவாங்க, அது சகஜம். ஆனா உங்களுதுல மேலயும் கீழயும் ரெண்டுமே வெட்டியிருக்கு, அதுதான் எனக்கு உறுத்துது. கீழ் மூலைய வெட்ட ஒருத்தருக்கு என்ன காரணம்? கிளப் பேர மறைக்கன்னா மட்டும்தான் புரியுது.

தொண்டி வாசகன்:
அண்ணே, மடிப்பு நனைஞ்சு கிழிஞ்சிருந்தா சும்மா சீரா இருக்கட்டும்னு கூட வெட்டியிருக்கலாமே. எங்க வீட்டு புத்தகமெல்லாம் உப்புக்காத்துல மூலை அப்படித்தான் உதிருது.

கீழக்கரை காக்கா:
இருக்கலாம், மறுக்கல. கத்திரி போட்ட கோடு நேரா இருக்கா, இல்ல உதிர்ந்த ஓரமானு பாக்கணும். பின் பக்கம் ஹெமிங்வே போட்டோவ பாருங்க, முதல்ல வந்த ஜாக்கெட்ல நீல சாயம் அடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் புலிட்சர், நோபல் ரெண்டுல எந்த பேராவது ஜாக்கெட்ல வந்திருந்தா அது பின்னாடி அச்சானது, புலிட்சர் 1953, நோபல் 1954. நம்ம கடற்கரையில நிறத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, வெயிலும் ஈரமும் நீலத்த சாம்பலாக்கிடும். பெட்டியில பின்பக்கம் கீழ பாத்து கிடந்துச்சுனா கொஞ்சம் நம்பலாம்.

பாம்பன்காரன்:
பின் அட்டையில குழி இல்ல, ரெண்டு தடவ தடவி பாத்தேன். போட்டோ நீலம்தான், கொஞ்சம் வெளிறியிருக்கு. பரிசு பேரு எதுவும் இல்ல. வெட்டு ரெண்டும் நேரா இருக்கு, ஆனா கீழ் வெட்டு கொஞ்சம் பெருசு. இன்னொன்னு, ஜாக்கெட் முதுகுல ஒரு பூச்சி அரிச்ச ஓட்டை இருக்கு, அதே இடத்துல துணியிலயும் இருக்கு.

கீழக்கரை காக்கா:
ஓட்டை நேர்ல ஒத்துப்போறது நல்ல சங்கதி. ரெண்டும் ரொம்ப நாளா ஒண்ணா இருந்துச்சுனு காட்டுது. ஆனா கடையில வாங்கும்போதே சேர்ந்து இருந்துச்சுனு அத வச்சு சொல்ல முடியாது, பழைய புத்தகக்காரங்க நல்ல ஜாக்கெட்ட வேற காப்பிக்கு மாத்திப் போடறது சகஜம், பூச்சி அதுக்கப்புறம் வந்திருக்கலாம்.
நான் சொல்றது இதுதான்: புத்தகம் முதல் பதிப்பு, முதல் அச்சு. ஜாக்கெட் அதே காலத்துது, ஆனா அதோட பிறந்ததானு மடிப்போட மூலை போனதால உறுதியா சொல்ல முடியாது. விக்கறதா இருந்தா 'மூலைகள் வெட்டப்பட்டவை, விலை இல்லை'னு எழுதிடுங்க. நகல் அச்சுல மடிப்பு செஞ்சு ஒட்டாதீங்க, கண்டுபிடிச்சா புத்தகத்து மேலயே சந்தேகம் வரும்.

புதுமடம் ரசிகன்:
ஒரே ஒரு தகராறு. கதை முழுசா லைஃப் பத்திரிகையில 1952 செப்டம்பர் 1 இதழ்லயே வந்துடுச்சே, புத்தகம் அப்புறம்தானே? அப்ப உண்மையான முதல் எது?

கீழக்கரை காக்கா:
ரசிகரே, முதல்ல அச்சானது பத்திரிகையிலதான், முதல் புத்தகப் பதிப்புனா ஸ்க்ரிப்னர்தான். சேகரிக்கிறவங்க ரெண்டையும் தேடுவாங்க. இதே ஆளோட 1926 நாவல், தி சன் ஆல்சோ ரைசஸ்ல, 181ம் பக்கத்துல ஸ்டாப்டுங்கற வார்த்தையில பி எழுத்து மூணு விழுந்திருக்கும், பிழையோட இருக்கறதத்தான் பின்னாடி எல்லாரும் தேடறாங்க. இந்த கிழவனுக்கு அந்த மாதிரி எழுத்துப்பிழை வேட்டையெல்லாம் வேண்டாம், ஏ-யும் ஜாக்கெட்டும் பாத்தாலே போதும்.

பாம்பன்காரன்:
சரி காக்கா, விக்கற எண்ணம் இல்ல. மாமா உள்ள பென்சில்ல பேரும் 'கொழும்பு'னும் எழுதியிருக்காரு, அத அழிச்சா தேவலாமா?

கீழக்கரை காக்கா:
ஐயோ, அத தொடாதீங்க.

பாம்பன்காரன்:
சரி சரி. அம்மாகிட்ட இனிமே வெயில்ல வைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன், 'அப்ப வாசம் போகாதே'ங்கறாங்க. இப்போதைக்கு பருத்தித் துணியில சுத்தி உள் ரூம் அலமாரியில வச்சிருக்கேன். கீழ் மூலைய யாரு வெட்டுனாங்கன்னு அத்தைகிட்ட கேட்டுப் பாக்கறேன், அவங்களுக்கு ஞாபகம் இருக்குமானு தெரியல.